பொருளை மாற்றலாம், செயலை மாற்றக்கூடாது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "கார்ட்டூன் படத்துக்குச் சத்தம் செய்வது எப்படி?" என்பது. நம் கல்லூரியில் படித்த நண்பர்கள் இருவர் நான்கு நிமிட அசைவூட்டப் படம் ஒன்றை வரைந்து முடித்தார்கள். நம் திண்டுக்கல் பூட்டைப் பற்றிய படம். நான் இயற்பியல் படித்துவிட்டு ஒலிப்பதிவுப் பக்கம் போனவன் என்பதால், அதற்கு ஒலி சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது. ஸ்டூடியோ வாடகைக்குக் காசு கிடையாது. ஆகவே திண்டுக்கல்லில் ஒரு நண்பரின் பழைய வீட்டில், அடுப்பங்கரைச் சாமான்களையும் பரணில் கிடந்த சாமான்களையும் வைத்தே முழுவதையும் பதிவு செய்தோம். அந்த வேலையில் இருந்து மூன்றே மூன்று சத்தங்களை மட்டும் இன்று விரிவாகச் சொல்கிறேன்: ஒரு நடை, ஒரு பூட்டு, ஒரு கதவு.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில், படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே ஏதோ ஒரு சத்தம் மைக்கில் விழும். நல்லதோ கெட்டதோ, கையில் ஒன்று இருக்கும். வரைந்த படத்தில் அதுவும் கிடையாது. வரைந்த மனிதனுக்குக் கால் உண்டு, காலடி ஓசை கிடையாது. சட்டை உண்டு, அதன் சரசரப்பு கிடையாது. நாம் செய்து வைக்காத எந்தச் சத்தமும் அந்த உலகத்தில் இல்லை. பிரம்மாவுக்கு அடுத்த வேலை என்று நாங்கள் கேலியாகச் சொல்லிக்கொள்வோம்.

இந்தக் கலைக்கு ஃபோலி என்று பெயர். அது ஒரு மனிதரின் பெயர். ஜாக் ஃபோலி என்பவர் அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டூடியோவில் வேலை செய்தவர். 1927-ல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்து பேசும் படத்துக்கு வழி திறந்ததும், யுனிவர்சல் ஏற்கெனவே ஊமைப் படமாக எடுத்து வைத்திருந்த 'ஷோ போட்' படத்துக்கு அவசரமாக ஒலி சேர்க்க வேண்டியதாயிற்று. அது 1929-ல் வெளிவந்தது. திரையில் படத்தை ஓட்டி, அதைப் பார்த்துக்கொண்டே ஃபோலியும் சில சகாக்களும் காலடி ஓசை, கைதட்டல் போன்றவற்றை அந்தந்த நேரத்துக்குச் செய்து காட்டிப் பதிந்தார்கள். படத்தைப் பார்த்தபடி உடம்பால் சத்தத்தை நடிப்பது என்ற இந்த முறைக்குத்தான் பிற்காலத்தில் அவர் பெயர் நிலைத்தது. அவர் 1967-ல் மறைந்தார். 1960-ல் வந்த 'ஸ்பார்ட்டகஸ்' படத்தில் ரோமானியப் போர்வீரர்களின் கவச ஓசைக்கு, அவர் தம் காரில் இருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்துவந்து குலுக்கினார் என்று ஒலிப்பதிவுக்காரர்கள் இன்றும் கதையாகச் சொல்வார்கள். பூட்டு ஊர்க்காரர்களான நமக்கு இந்தக் கதை கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

சாவிக்கொத்து கவசம் ஆகிறது என்றால், எதை வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்றுதானே அர்த்தம்? இல்லை. சாவிகள் பல சேர்ந்து ஒன்றோடொன்று மோதிக் குலுங்குகின்றன. கவசத் தகடுகளும் அப்படியேதான் மோதிக் குலுங்குகின்றன. பொருள்தான் வேறு, நடக்கும் செயல் ஒன்று. நான் இன்று சொல்ல வந்ததும் இவ்வளவுதான். பொருளை மாற்றிக்கொள்ளலாம், செயலை மாற்றக்கூடாது. மூன்று சத்தங்களிலும் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

எங்கள் படத்தின் கதை சின்னது. வயதான பூட்டுத் தொழிலாளி ஒருவர். விடியற்காலையில் ஒரு செம்மண் சந்து வழியாக நடந்துபோய், பூட்டிக் கிடக்கும் பழைய வீடு ஒன்றின் கல் தாழ்வாரத்தில் ஏறுகிறார். அந்த வீட்டில் தொங்குவது பல வருஷங்களுக்கு முன் அவரே செய்த மாங்காய்ப் பூட்டு. அதைத் திறக்கிறார், கதவைத் தள்ளுகிறார், உள்ளே போகிறார். படத்தில் வசனமே கிடையாது. ஆகவே அவர் யார், என்ன வயது, அந்த வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்பதையெல்லாம் சத்தம்தான் சொல்ல வேண்டும்.

நடையில் இருந்து தொடங்குகிறேன். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள், அதாவது 24 படங்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சாதாரணமாக நடக்கும் ஆளை வரையும்போது ஒரு அடிக்கு 12 சட்டம், அதாவது அரை விநாடி என்பது படம் வரைபவர்களின் பழைய கணக்கு. எங்கள் பெரியவர் இடது காலைச் சற்றுத் தாங்கி நடப்பவர். அதனால் ஒரு அடிக்கு 14 சட்டம், மறு அடிக்கு 20 சட்டம் என்று வரைந்திருந்தார்கள். எந்தச் சட்டத்தில் எந்தக் கால் தரையில் படுகிறது என்பதை வரைபவர்கள் ஒரு தாளில் எழுதி வைப்பார்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்குவதுதான் ஒலிக்காரனின் முதல் வேலை. அது கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? கண்ணும் காதும் எவ்வளவு பிசகைப் பொறுத்துக்கொள்ளும் என்று தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சத்தம் படத்துக்கு முன்னால் வந்தால், ஏறத்தாழ 45 மில்லி விநாடியிலேயே, அதாவது ஒரு சட்ட அளவிலேயே, நமக்கு உறுத்த ஆரம்பிக்கிறது. ஆனால் படத்துக்குப் பின்னால் வந்தால் 125 மில்லி விநாடி, அதாவது மூன்று சட்டம் வரைக்கும் அது பிடிபடுவதில்லை. காரணம் நம் ஊர்க் குளக்கரையிலேயே இருக்கிறது. நூறு மீட்டர் தள்ளி ஒருவர் கல்லில் துணி துவைக்கிறார். துணி கல்லில் விழுவதைக் கண் பார்த்துவிடும். சத்தம் விநாடிக்கு சுமார் 340 மீட்டர் வேகத்தில் வருவதால், காதுக்கு எட்ட இன்னும் கால் விநாடிக்கு மேல் ஆகும். சத்தம் பிந்தி வருவது இயற்கை, பிறந்ததில் இருந்து அதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம். முந்தி வருவது உலகத்தில் நடக்காத காரியம். அதனால்தான் காது உடனே "இது பொய்" என்கிறது. ஆகவே ஒலியைப் படத்தோடு ஒட்டும்போது சந்தேகம் வந்தால், ஒரு சட்டம் பின்னால் தள்ளி வையுங்கள். முன்னால் வைக்காதீர்கள்.

நேரம் தெரிந்துவிட்டது. அடுத்தது தரை. செம்மண் சந்துக்கு, சாக்கை நாலாக மடித்துத் தரையில் விரித்து, சுற்றிச் செங்கல் அடுக்கி, நடுவில் இரண்டு அங்குல உயரத்துக்குச் செம்மண் கொட்டினோம். சாக்கு எதற்கு என்றால், அடியில் இருக்கும் சிமெண்ட் தரை "டொக்" என்று குரல் கொடுக்காமல் இருப்பதற்கு. நன்றாகக் காய்ந்த மண் மைக்கில் மண்ணாகக் கேட்காது, யாரோ சீனியைக் கொட்டுவது போல "ஸ்ஸ்" என்று கேட்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிரும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். புட்டு மாவு பதம் என்று சொன்னால் இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு உடனே புரியும். தண்ணீர் கூடிப்போனால் சேற்றுச் சத்தம் வந்துவிடும், பெரியவர் வயலுக்குப் போய்விடுவார். கடைசியாக ஒரு பிடி சரளை தூவினோம். எப்போதாவது ஒரு கல் செருப்புக்கடியில் நசுங்கினால்தான் அது சந்து.

கல் தாழ்வாரத்துக்கு ஒரு கடப்பைக் கல் பலகை. அதை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடியில் இருக்கும் வெற்றிடம் தபேலா மாதிரி முழங்கும். மணலைப் பரப்பி, அதன் மேல் ஆடாமல் அமர்த்தி வைத்தால் கனமான, முழுக் கல்லின் சத்தம் வரும்.

செருப்பு, பழைய தோல் செருப்பு. நடப்பவர், எங்களில் ஒருவர். ஃபோலி நடை என்பது இடத்தை விட்டு நகராமல் நடப்பது. மைக் ஓர் இடத்தில் இருக்கும், நீங்கள் அதன் முன்னால் நின்ற இடத்திலேயே குதிகாலில் தொடங்கி விரலில் முடித்து அடி வைக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் காலைத் தூக்கித் தூக்கிக் குத்துவார்கள். அப்போது போலீஸ் அணிவகுப்பு மாதிரிக் கேட்கும். நடையின் சத்தத்தில் பாதி, கால் படும்போது வருவது அல்ல. கால் எழும்பும்போது செருப்பு குதிகாலில் வந்து "சப்" என்று ஒட்டுவது, வேட்டி உரசுவது, தாங்கி வைக்கும் கால் தரையில் இலேசாக இழுபடுவது, இவைதான் மீதிப் பாதி. பெரியவரின் வயது அந்த இழுபடும் சத்தத்தில்தான் இருந்தது. வேட்டியை மட்டும் தனியாக இன்னொரு முறை, கையில் பிடித்துத் தேய்த்துப் பதிந்தோம்.

இங்கே மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "ஒரே ஒரு நல்ல அடியைப் பதிந்து, கம்ப்யூட்டரில் அதையே நாற்பது தடவை ஒட்டினால் போதாதா சார்?" ஒட்டிப் பாருங்கள். நாலாவது அடியிலேயே தையல் மெஷின் கேட்கும். மனிதன் ஒரே மாதிரி இரண்டு அடி வைப்பதில்லை, அது காதுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே படத்தைப் பார்த்துக்கொண்டே முழு நடையையும் ஒரே மூச்சில் நடந்து பதிவதே நல்லது. அதில் பிசகிய ஒன்றிரண்டு அடிகளை மட்டும் பிறகு நகர்த்திக்கொள்ளலாம்.

இனி, பதிவு செய்த அறை. வீட்டு அறைக்கு இரண்டு எதிரிகள் உண்டு, எதிரொலியும் இரைச்சலும். வெறும் அறையில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். தட்டல் முடிந்த பிறகு "ட்ர்ர்" என்று ஒரு வால் கேட்டால், அது எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சத்தம் பந்தாடுவது. சந்தில் நடக்கும் ஆளுக்கு அந்த வால் இருந்தால் அவர் குளியலறையில் நடப்பது போல் ஆகிவிடும். கொடியில் ஜமுக்காளம், சுவரோரம் இலவம்பஞ்சு மெத்தை, மூலையில் போர்வை மூட்டை என்று வைத்துக்கொண்டே வந்து, மறுபடி தட்டிப் பார்த்து, வால் அறுந்ததும் நிறுத்தினோம். மெத்தையைச் சுவரோடு ஒட்டி வைப்பதைவிட நாலு விரல் இடைவெளி விட்டுச் சாய்த்து வைப்பது அதிகம் வேலை செய்யும்.

இரைச்சலுக்கு மருந்து, இராத்திரி. பதினோரு மணிக்கு மேல், விடியற்காலை நாலு மணிக்குள். மின்விசிறியையும் பிரிட்ஜையும் நிறுத்திவிட வேண்டும். அப்படியும் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும், பைபாஸ் சாலையில் லாரி போகும். ஒருநாள் நள்ளிரவில் கரண்ட் போயிற்று. தெருவே மின்வாரியத்தைத் திட்டியது, நாங்கள் மட்டும் குதூகலித்தோம். பதிவுக் கருவி பேட்டரியில் ஓடுவது. அந்த நாற்பது நிமிஷம் ஊரே எங்களுக்கு ஸ்டூடியோ ஆயிற்று. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அரை நிமிஷம் ஒன்றுமே செய்யாமல் அறையின் மௌனத்தையும் பதிந்து வைத்தோம். இரண்டு சத்தத்துக்கு நடுவே உள்ள இடைவெளியில் அதைப் போட வேண்டும். சுத்தமான சூனியத்தைப் போட்டால், காது அடைத்துத் திறந்தாற்போல் தெரிந்துவிடும்.

மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது? நடைக்கு மூன்றடி, பூட்டுக்கு ஒரு சாண். படத்தில் ஆள் தூரத்தில் இருக்கும்போது, கிட்ட வைத்துப் பதிந்ததைச் சத்தம் குறைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. செருப்புத் தோல் முறுகும் நுணுக்கம் எல்லாம் அப்படியே இருக்கும். பக்கத்தில் இருக்கும் ஆள் பூனை போல நடப்பதாகத்தான் கேட்கும். தூரம் என்பது ஒலியின் அளவு மட்டும் அல்ல, அதில் எவ்வளவு நுணுக்கம் உதிர்ந்துவிட்டது என்பதும்தான்.

அடுத்தது பூட்டு. இதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். கையால் தகடு வெட்டி, அரத்தால் ராவி, லீவர் வைத்துச் செய்யும் அந்தத் தொழில், மெஷினில் வார்த்து வரும் மலிவுப் பூட்டுகளின் போட்டியில் நலிந்துகொண்டே வந்திருக்கிறது. கையால் செய்யும் பட்டறைகள் குறையக் குறைய, அந்தப் பூட்டின் சத்தத்தைக் கேட்டே நல்லது கெட்டது சொல்லும் காதுகளும் குறைகின்றன. எனவே படத்தில் இந்தச் சத்தம் ஏனோதானோவென்று இருக்கக்கூடாது என்று நண்பர்கள் இருவரும் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

நிஜமான கைப்பூட்டு ஒன்றை வாங்கிவந்து மைக் முன் திறந்தோம். கேட்டது "க்ளிக்" என்ற ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். கனமான பூட்டைக் கையில் பிடித்திருக்கும்போது உள்ளங்கையே அதன் அதிர்வைக் குடித்துவிடுகிறது. திரையிலோ அந்தப் பூட்டு சட்டம் முழுக்க நிறைந்து நிற்கிறது, சாவி திரும்புவது மட்டும் 30 சட்டம். அதற்கு இந்தச் சத்தம் யானைக்குப் பூனைக் குரல்.

வேறு பொருள் தேடுவதற்கு முன்னால், பூட்டு செய்யும் ஒரு பெரியவரிடம் போய் வரைந்த காட்சியைப் போட்டுக் காட்டினோம். அவர் இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சத்தம் பெரிசா சின்னதாங்கிறது உங்க இஷ்டம். ஆனா வரிசை மாறக்கூடாது. சாவி உள்ள போகும்போது ஒரு உரசல். திருப்ப ஆரம்பிச்சதும் லீவர் எழும்பும், அது ஸ்பிரிங்கை எதிர்த்து எழும்பும், அதனால கையில ஒரு பிடிப்பு தெரியும். எல்லா லீவரும் அதது உயரத்துக்கு வந்து நின்னாத்தான் தாழ் நகரும். தாழ் நகர்ந்த பிறகுதான் வளையம் விடும். முதல்ல டக்குன்னு தாழைத் தள்ளிட்டு, அப்புறமா சாவியைத் திருப்புனீங்கன்னா, பூட்டு தெரிஞ்சவன் சிரிப்பான்."

அவர் சொன்னதை அப்படியே சட்டக் கணக்காக எழுதிக்கொண்டோம். நாலு செயல், நாலு சத்தம், அதற்கு நாலு பொருள். சாவி உள்ளே போகும் உரசலுக்குப் பழைய இரும்புச் சாவியைப் பித்தளைச் செம்பின் விளிம்பில் மெதுவாக இழுத்தோம். லீவர்கள் எழும்புவதற்குப் பாட்டியின் பாக்குவெட்டி. அதன் மூட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தது. இறுக்கிப் பிடித்து மெல்லத் திறந்தால் "டிக் டிக்டிக்" என்று சிறு சிறு சத்தங்கள் நெருக்கி வரும். லீவர்கள் ஏறத்தாழ ஒன்றாக எழும்புவதால் அவற்றை ஆறு சட்டத்துக்குள் அடக்கினோம். தாழ் நகர்வதற்கு இரும்பு பீரோவின் கைப்பிடி. உள்ளே துணி நிறைந்திருந்தால் அதன் "கொடக்" கச்சிதமாக இருக்கும், காலியாக இருந்தால் தகரம் முழங்கிக் கெடுத்துவிடும். கடைசியாக வளையம் விடும் சத்தத்துக்கு மட்டும் அதே நிஜப் பூட்டு, ஆனால் கையில் அல்ல, ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்து.

இந்த நாலையும் ஒட்டியபோது ஒன்று கவனித்தோம். லீவர் எழும்பி முடிந்ததற்கும் தாழ் நகர்வதற்கும் நடுவே ஐந்து சட்டம் ஒன்றுமே இல்லாமல் விட்டால், அந்த மௌனத்தில் பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். திறக்குமா, திறக்காதா? பெரியவர் சொன்ன "கையில ஒரு பிடிப்பு" அந்த ஐந்து சட்ட மௌனத்தில்தான் இருக்கிறது. முடித்துக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினோம். பாக்குவெட்டி, பீரோ எதுவும் அவரிடம் சொல்லவில்லை. கேட்டுவிட்டு, "ஆறு லீவர் பூட்டா?" என்றார். படத்தில் எத்தனை லீவர் என்று எங்குமே இல்லை. அவர் காது எண்ணியிருக்கிறது.

மூன்றாவது, கதவு. கதவு ஏன் கிரீச்சிடுகிறது என்பதை நம் இயற்பியல் பேராசிரியர்கள் எனக்கு வேறு பெயரில் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு பரப்புகள் அழுந்தி நிற்கும்போது அவற்றை நகர்த்தத் தேவையான விசை அதிகம், நகரத் தொடங்கியபின் தேவையானது குறைவு. அதனால் மெதுவாகத் தள்ளும்போது பரப்பு ஒட்டிக்கொள்கிறது, விசை சேர்ந்ததும் வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. இந்த ஒட்டல் வழுக்கல் விநாடிக்குப் பத்து இருபது தடவை நடந்தால் "டக் டக் டக்" என்று தனித்தனியாகக் கேட்கும். சில நூறு தடவை நடந்தால் அது ஒரு சுருதியாகிவிடும், அதுதான் கிரீச். வயலின் வில்லும் தந்தியும் செய்வது இதே வேலைதான். எண்ணெய் விட்டால் கதவின் சத்தம் நிற்பதும், வில்லுக்கு ரோசனம் தேய்த்தால் வயலின் பாடுவதும் ஒரே விதியின் இரண்டு முகங்கள்.

எங்கள் படத்தின் கதவுக்குக் கீல் கிடையாது. பழைய வீடுகளில் உள்ள குடுமிக் கதவு. கதவின் மேலும் கீழும் நீண்டிருக்கும் மரக் குடுமி, குழியில் நின்று சுழலும். கீல் கதவு மேல்குரலில் கிறீச்சிடும், குடுமிக் கதவு அடிவயிற்றில் இருந்து முனகும். ஆகவே இரும்போடு இரும்பு உரசும் எதுவும் இங்கே பொருந்தாது. மரம் மரத்தில் இறுகித் திரும்ப வேண்டும். அறை ஊஞ்சல், நாடாக் கட்டில், மர நாற்காலி என்று வீட்டில் முனகக்கூடிய எல்லாவற்றையும் முனகவைத்துப் பார்த்தோம். சத்தம் சரியாக அமைந்தது ஒரு பழைய நாற்காலியில். அதன் ஒரு கால் பொருத்துத் துளையில் தளர்ந்திருந்தது. அழுத்திக்கொண்டு திருகினால், மரமுளை மரத்துளையில் சுழல்வதுதானே, குடுமி செய்யும் அதே செயல்.

ஆனால் குரல் சின்னது, ஒரு பெட்டிக் கதவு அளவுதான் கேட்டது. தந்தியை மட்டும் இழுத்தால் வயலின் ஆகாது, அதற்கு ஒரு மரக்கூடு வேண்டும் அல்லவா? நாற்காலியின் முதுகைப் பரணில் இருந்து இறக்கிய காலி மரப்பெட்டியோடு கயிறு போட்டு இறுகக் கட்டி, மைக்கைப் பெட்டியின் பக்கம் திருப்பினோம். இப்போது திருகியபோது பெட்டி முழுவதும் சேர்ந்து முனகியது. எட்டடி உயரக் கதவு அசைந்தது.

கதவின் நடிப்பு எல்லாம் வேகத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் கை மெல்லத் தள்ளுகிறது, அப்போது தனித்தனி முறிவுகளாக "கட்... கட்..." என்று கேட்க வேண்டும். வேகம் சேரச் சேர அவை நெருங்கி ஒரு முனகலாகி, மேலேறி, கதவு நிற்கும்போது கீழிறங்கி அடங்க வேண்டும். திருகுபவர் திரையைப் பார்த்துக்கொண்டே இதைக் கையால் செய்ய வேண்டும். பதிந்தபின் கம்ப்யூட்டரில் இழுத்து நீட்டினால், சத்தம் நீளும், ஆனால் கை தள்ளுவது தெரியாது. பத்துப் பன்னிரண்டு தடவை திருகியதில் ஒன்றை எடுத்துக்கொண்டோம்.

எது சரியாக வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு சோதனை. முதலாவது, கண்ணை மூடிக்கொண்டு கேட்பது. அப்போது நாற்காலி நாற்காலியாகத் தெரிந்தால் பரவாயில்லை, அதற்காகப் பயப்பட வேண்டாம். இரண்டாவது, விஷயம் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டுப் படத்தோடு காட்டுவது. அவர் சத்தத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் "பாவம், அந்தத் தாத்தாவுக்குக் காலில் என்ன?" என்று கேட்டால், வேலை முடிந்தது. "சத்தம் பிரமாதம்" என்று சொன்னால் மறுபடி உட்கார வேண்டும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு அல்லது மூன்று சத்தத்துக்கு மேல் ஒரே நேரத்தில் காது பின்தொடர்வதில்லை. கதவு முனகும்போது வேட்டியும் செருப்பும் காகமும் சேர்ந்து ஒலித்தால் எல்லாம் கூழாகிவிடும். ஆகவே கதவு திறக்கும் இடத்தில் நடையைத் தவிர மற்றதை எடுத்துவிட்டோம். பதிந்தவற்றில் ஏறக்குறைய பாதி படத்தில் இல்லை. கஷ்டப்பட்டுப் பதிந்ததைத் தூக்கிப்போட மனசு வராது, ஆனாலும் போடத்தான் வேண்டும்.

இன்னொன்று. படத்தில் கேட்பது பாக்குவெட்டியும் பீரோவும்தான். நாளைக்கு யாராவது "திண்டுக்கல் கைப்பூட்டின் சத்தம் இது" என்று அதை எடுத்து வைத்துக்கொண்டால், அது தவறான ஆவணம். ஆகவே நிஜப் பூட்டு எழுப்பிய அந்தச் சின்ன "க்ளிக்"கையும், பட்டறையில் அரம் ராவும் சத்தத்தையும், அவை எங்கே, எந்தத் தேதியில், எவ்வளவு தூரத்தில் மைக் வைத்துப் பதிந்தவை என்ற குறிப்போடு தனியாக வைத்திருக்கிறோம். கதைக்குச் செய்த சத்தம் ஒரு கோப்பில், சாட்சிக்கு வைத்த சத்தம் இன்னொரு கோப்பில். இரண்டும் வேண்டும், இரண்டும் கலந்துவிடக்கூடாது.

அந்தப் பாக்குவெட்டியின் சொந்தக்காரப் பாட்டி படத்தைப் பார்த்தார். "என் பாக்குவெட்டி எங்கடா வருது?" என்று கடைசி வரை தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. எங்களுக்குக் கிடைத்த விருது அதுதான்.